12 மணி நேர செக்யூரிட்டி டூட்டி: சாப்பாட்டு நேரம் என்று 1 மணி நேரம் கழிக்கிறார்கள், வார ஆஃபும் இல்லை. கணக்கு சரியா?

இரவுகேட் (செவ்வாய், காலை 8.40)

வணக்கம். ஒரு கிடங்கின் கேட்டில் இரவு டூட்டி பார்க்கிறேன், இரண்டு வருடம் ஆகிறது. மாலை 7 முதல் காலை 7 வரை. இரவில் நான் ஒருவன்தான், பகலில் இன்னொருவர். ஏஜென்சி மூலம் வேலை.

போன மாதம் 31 நாளும் வந்தேன். சம்பளச் சீட்டு முதல்முறையாகக் கையில் கிடைத்தது, அதுவரை வங்கிக்குப் பணம் மட்டும்தான் வரும். அதில் இப்படி இருக்கிறது: சாதாரண டூட்டி 27, ஒவ்வொன்றும் 8 மணி நேரம். ஓ.டி. 81 மணி நேரம், அதுவும் ஒற்றைச் சம்பளத்தில். 'கூடுதல் டூட்டி' 4, அதுவும் ஒற்றைச் சம்பளம், 8 மணி நேரக் கணக்கு.

81 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "12இல் 8 போனால் 4, அதில் 1 மணி நேரம் உங்கள் சாப்பாட்டு நேரம். மீதி 3. 27 தடவை 3 என்றால் 81" என்றார்கள்.

என் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ராத்திரி 1 முதல் 2 வரை என்று தாளில் இருக்கிறது. டப்பாவைத் திறந்து இரண்டு வாய் வைப்பேன், வெளியே லாரி ஹார்ன் அடிக்கும். கையைக் கழுவி, ரெஜிஸ்டரை எடுத்து, வண்டி எண், சீல் எண், நேரம் எழுதி, கேட்டைத் திறந்து விட்டு வருவேன். டப்பா மேல் பழைய ரெஜிஸ்டரை மூடி வைத்திருப்பேன், பூச்சி விழாமல் இருக்க. மறுபடி உட்கார்வேன். வாக்கி டாக்கியில் கூப்பிடுவார்கள். ஒரு சாப்பாட்டை மூன்று தவணையாகச் சாப்பிட்டு முடிப்பேன். இதை ஓய்வு என்று கழிக்கலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்று தெரியும். எப்படிக் கணக்குப் போடுவது, எதைக் கேட்பது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

கள_அதிகாரி (செவ்வாய், காலை 9.25)

நான் 11 வருடம் ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன். உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செக்யூரிட்டி வேலை என்றாலே 12 மணி நேரம்தான். சேரும்போதே 12 மணி நேரம் என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மாதச் சம்பளம் முழுவதும் அந்த 12 மணி நேரத்துக்குத்தான். அதை 31 நாளால் வகுத்து, அப்புறம் 12ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். அப்படிப் பார்த்தால் ஓ.டி. என்று தனியாகக் காட்டியதே கூடுதல்.

இன்னொன்று, வாட்ச்மேன் வேலைக்கு எட்டு மணி நேரச் சட்டம் பொருந்தாது. இடைவிட்டு நடக்கும் வேலை, பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

பதிவேடு_மணி (செவ்வாய், பகல் 12.10)

கள_அதிகாரி சொன்னதில் ஒன்று உண்மை, மற்றது இல்லை. தொழிற்சங்கத்தில் செக்யூரிட்டி தோழர்களின் சம்பளக் கோரிக்கைகளைப் பல வருடம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

விலக்கு இருப்பது உண்மைதான். கடை, அலுவலகங்களுக்கான வேலை நேரம் பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1930இல் கொண்டுவந்த உடன்படிக்கையிலேயே, இயல்பாகவே இடைவிட்டு நடக்கும் வேலைகளுக்கு விலக்கு தரலாம் என்று இருக்கிறது. கட்டடத்தையும் கிடங்கையும் பார்த்துக்கொள்பவர்களையே அதற்கு உதாரணமாகச் சொல்கிறது. ஆனால் அந்த விலக்கை அரசு ஒரு விதியாகப் போட்டு, எவ்வளவு தூரம் என்று எல்லை வைத்துத் தரவேண்டும். ஏஜென்சி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் முதல் கேள்வி: உங்கள் நாட்டு விதியில் அந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறதா? எழுதியிருந்தாலும் இரண்டாவது கேள்வி வரும். உங்கள் கேட்டில் நடப்பது உண்மையிலேயே இடைவிட்ட வேலைதானா? பூட்டிக் கிடக்கும் கிடங்கைக் காப்பதும் ராத்திரி முழுக்க லாரி வந்து போகும் கேட்டில் நிற்பதும் ஒன்றாகாது.

அதே உடன்படிக்கையில் வேலை நேரம் என்றால் என்ன என்பதும் இருக்கிறது. தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம் எல்லாம் வேலை நேரம். அவர் வசத்தில் இல்லாத ஓய்வு நேரத்தை மட்டும்தான் கழிக்கலாம். இரவுகேட், உங்கள் 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் நீங்கள் யார் வசத்தில் இருக்கிறீர்கள்? வாக்கி டாக்கி யார் கையில் இருக்கிறது?

ஒன்று கேட்க வேண்டும். ரோந்து உண்டா? எத்தனை மணிக்கு?

மலர்விழி_ர (செவ்வாய், பகல் 1.30)

என் வீட்டுக்காரரும் செக்யூரிட்டிதான். அவருக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. அங்கே இரண்டு பேர் ஒரே ஷிஃப்டில் இருக்கிறார்கள், ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். அதனால் நீங்களும் இன்னொருவரைக் கூட வைக்கச் சொல்லிக் கேளுங்கள் அண்ணா, வேலை சுலபமாகிவிடும்.

எங்கள் கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒரு முறை பகல் ஷிஃப்ட் இரவாக மாறும். அந்த ஞாயிறு காலை 7க்குப் போனால் திங்கள் காலை 7க்குத்தான் வருவார். 24 மணி நேரம். அடுத்த வாரம் மற்ற செட்டுக்கு அந்த 24. அப்போது இவர் ஞாயிறு காலை வீட்டுக்கு வந்து திங்கள் காலை வேலைக்குப் போவார், அதை 'ஆஃப்' என்கிறார்கள். இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து, பகலில் தூங்கி எழுந்தால் சாயங்காலம். பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் இருப்பார், மறுபடி படுத்து அலாரம் வைப்பார். அது ஆஃபா?

இரவுகேட் (செவ்வாய், மாலை 5.50)

பதிவேடு_மணி ஐயா, வாக்கி டாக்கி என் சட்டைப் பையிலேயே இருக்கும். அணைத்து வைத்தால் கண்ட்ரோல் ரூமில் இருந்து எழுத்தில் விளக்கம் கேட்பார்கள், ஒரு முறை கேட்டிருக்கிறார்கள்.

ரோந்து நான்கு. 11 மணி, 1.30, 3.30, 5.30. கிடங்கைச் சுற்றி 6 இடங்களில் பஞ்ச் பாயின்ட் இருக்கிறது, கையில் இருக்கும் கருவியை அங்கே தொடவேண்டும். முழுச் சுற்று சுமார் 20 நிமிடம். நேர அட்டவணை ஏஜென்சி அச்சடித்து என் மேசைக்கு மேலே ஒட்டியது.

எழுதும்போதுதான் கவனிக்கிறேன். 1.30 ரோந்து என் சாப்பாட்டு நேரத்துக்குள்ளேயே வருகிறது!

பதிவேடு_மணி (செவ்வாய், இரவு 8.15)

அதைத்தான் எதிர்பார்த்தேன். பல இடங்களில் இப்படித்தான் இருக்கும். சம்பளப் பிரிவு ஒரு தாளில் ஓய்வு என்று எழுதும், ஃபீல்டு பிரிவு வேறு தாளில் அதே நேரத்துக்கு ரோந்து போடும். இரண்டு தாளையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் வாயால் ஒன்றும் சொல்லவேண்டாம், அவர்கள் அட்டவணையும் பஞ்ச் பதிவுமே ஓய்வு இல்லை என்று சொல்லிவிடும்.

இப்போது கணக்கு. காசில் போடாமல் மணியில் போடுகிறேன், யாருக்கும் பொருந்தும்.

31 டூட்டி, ஒவ்வொன்றும் 12 மணி நேரம், ஆக 372 மணி நேரம் கேட்டில் இருந்திருக்கிறீர்கள். சீட்டில் கிடைத்தது 27 நாளுக்கு 8 வீதம் 216, ஓ.டி. 81, கூடுதல் டூட்டி நான்குக்கு 8 வீதம் 32. மொத்தம் 329 மணி நேரச் சம்பளம். வேலை பார்த்த நேரத்துக்கே ஒற்றைச் சம்பளம் முழுதாக வரவில்லை. 43 மணி நேரம் காணோம். இதில் 31 சாப்பாட்டு நேரம். மீதி 12, கூடுதல் டூட்டி நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டியது. அந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தும் தலா 3 மணி நேரம் விட்டுப்போயிருக்கிறது.

இனி சேரவேண்டியது. 8க்கு மேல் போன நேரத்துக்கும் வார ஓய்வு நாளில் பார்த்த வேலைக்கும் இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டால், சாதாரண நேரம் 216. ஓ.டி. 27 நாளுக்கு 4 வீதம் 108, இரட்டிப்பில் 216. ஓய்வு நாள் நான்கு, 48 மணி நேரம், இரட்டிப்பில் 96. மொத்தம் 528. கையில் வந்தது 329. வித்தியாசம் 199 மணி நேரச் சம்பளம், ஒரே மாதத்தில்.

விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் ஓ.டி. இரட்டிப்பு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு. 1919இல் வந்த முதல் சர்வதேச உடன்படிக்கை வைத்த குறைந்தபட்சம் ஒன்றேகால். ஒன்றேகாலில் போட்டால்கூட உங்களுக்கு 411 வரவேண்டும், 82 மணி நேரம் குறைகிறது. ஓய்வு நாளுக்கு மட்டும் சில சட்டங்களில் தனி விகிதம் இருக்கும், அல்லது பதிலுக்கு வேறு நாள் விடுப்பு தரச்சொல்லும். அந்த வரியை உங்கள் சட்டத்தில் தனியாகப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், இரட்டிப்புக் கணக்கில் அது மாதம் 62 மணி நேரச் சம்பளம். அதனால்தான் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கள_அதிகாரி (செவ்வாய், இரவு 9.05)

ரோந்து விஷயம் நியாயம்தான், அது அட்டவணை போட்டவர் தப்பு. ஆனால் வகுக்கும் முறை பற்றி நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. 31ஆலும் 12ஆலும் வகுப்பதுதான் எங்கள் பழக்கம். அந்த மணி நேரச் சம்பளத்துக்கு இரட்டிப்பே கொடுத்திருக்கிறோம் சில இடங்களில்.

பதிவேடு_மணி (செவ்வாய், இரவு 9.50)

நல்ல கேள்வி, இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள்.

மாதச் சம்பளம் 8 மணி நேர நாளுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை ஒட்டி இருக்கிறது என்றால், அந்தத் தொகை 216 மணி நேர வேலைக்கானது. அதை 372ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம் முன்பிருந்ததில் 58 சதவீதம் ஆகிவிடுகிறது. அதை இரட்டிப்பாக்கினால் 116 சதவீதம். சீட்டில் 'இரட்டிப்பு ஓ.டி.' என்று அழகாக இருக்கும். கையில் வருவது ஒற்றைச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சீட்டில் இரட்டிப்பு என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடையவேண்டாம். எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்.

12 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதும் அப்படித்தான். அது 12 மணி நேரம் வேலை பார்க்கச் சம்மதம். குறைந்தபட்சக் கூலியையும் ஓ.டி.யையும் விட்டுக்கொடுக்கும் சம்மதமாகப் பெரும்பாலான நாடுகளில் செல்லாது.

மலர்விழி சகோதரி, நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

சட்டவாசகி (புதன், காலை 7.30)

தனி ஆளாக நிற்கும் காவலரின் ஓய்வு நேரம் பற்றி நீதிமன்றங்கள் சொன்னதில் மூன்று இங்கே பொருந்தும். மூன்றும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் செக்யூரிட்டி காவலர்கள் தொடுத்த வழக்கிலேயே தீர்ப்பு சொன்னது. ஓய்வு நேரத்தில் வாக்கி டாக்கி, பேஜரை இயக்கத்தில் வைத்திருந்து கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொன்னால், அது ஓய்வே இல்லை என்றது. உண்மையில் கூப்பிட்டார்களா என்பது முக்கியமில்லை, எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பதே போதும். சுமார் 9 கோடி டாலர் தீர்ப்பை அது மீட்டுக்கொடுத்தது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 செப்டம்பரில் பிராக் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கைப் பார்த்தது. 12 மணி நேர ஷிஃப்ட், நடுவில் அரை மணி நேர ஓய்வு இரண்டு. ஓய்விலும் அழைப்பு வந்தால் 2 நிமிடத்தில் கிளம்பவேண்டும். அழைப்பு வந்தால் மட்டும் சம்பளம், வராவிட்டால் கழிப்பு. அந்தக் கட்டுப்பாடு ஒருவர் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி கழிப்பதைப் பெரிதும் தடுக்கிறது என்றால் அந்த நேரம் முழுக்க வேலை நேரம் என்றது நீதிமன்றம்.

மூன்றாவது வேறு மாதிரி. 2011இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தனி ஆளாக வேலை பார்த்த ஒரு காவலரின் வழக்கு. அங்கே அவர் மேசையில் ஓர் அறிவிப்பும் தொலைபேசி எண்ணும் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகலாம். நடுவில் கூப்பிட்டால், வேலையை முடித்துவிட்டு ஓய்வை முதலில் இருந்து மறுபடி தொடங்கலாம். இது முழுமையான ஓய்வு இல்லை, ஆனால் அதற்கு ஈடான ஓய்வாக ஏற்கலாம் என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது. காவலர் வேலைக்கு அந்தச் சட்டத்திலேயே தனி இடம் இருந்ததும் ஒரு காரணம்.

இரவுகேட் விஷயத்தில் அறிவிப்பும் இல்லை, மறுபடி தொடங்கும் உரிமையும் இல்லை என்று தெரிகிறது.

சங்கச்_செயலர் (புதன், காலை 10.15)

நான் எதிர்ப்பக்கத்து ஆள். ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலர். எங்கள் கேட்டுக்கு ஏஜென்சியிடம் 'இரண்டு ஹெட், 12 மணி நேரம்' என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வார ஓய்வு பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட் வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது, இரண்டே பேர். அப்படியென்றால் அவர்களுக்கு விடுமுறை எப்படிக் கிடைக்கிறது என்று இத்தனை வருடமும் நான் கேட்டதே இல்லை. உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எத்தனை பேர் இருந்தால் முறையாக இருக்கும்?

பதிவேடு_மணி (புதன், பகல் 2.20)

செயலர் கேட்டதும் மலர்விழி சொன்னதும் ஒரே விஷயம்தான், சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு கேட்டுக்கு வாரத்தில் 168 மணி நேரம். ஓ.டி. இல்லாமல் ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் 168ஐ 48ஆல் வகுக்க மூன்றரை பேர் வேண்டும். நீங்கள் வைத்திருப்பது இரண்டு பேர். ஆளுக்கு 84 மணி நேரம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதற்கு முன்பே, அந்த 'இரண்டு ஹெட்' என்ற சொல்லிலேயே வார ஓய்வு இல்லாமல் போய்விட்டது.

வார ஓய்வு என்றால் ஏழு நாளில் ஒரு முறை தொடர்ந்து 24 மணி நேரமாவது வேலையில்லாமல் இருப்பது. 1921 உடன்படிக்கையில் இருந்து இதுதான் அடிப்படை. மலர்விழியின் கணவருக்கு ஞாயிறு காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை சரியாக 24 மணி நேரம் வருகிறது. தாளில் பார்த்தால் விதி நிறைவேறிய மாதிரி இருக்கும். ஆனால் அது இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அதற்கு விலையாக மற்ற வாரம் ஒரு 24 மணி நேர டூட்டி. தவிர, இரவு டூட்டி முடிந்து வந்தவருக்கு அந்த 24இல் பாதி, வழக்கமாக எந்த நாளும் தூங்கும் தூக்கம்தான். ஐரோப்பிய விதியில் இதற்காகவே வார ஓய்வு 24 மணி நேரத்தோடு தினசரி ஓய்வு 11 மணி நேரத்தையும் சேர்த்து 35 ஆக்கியிருக்கிறார்கள். காவலர் வேலைக்கு அதில் விலக்கு தர இடம் உண்டு, ஆனால் அப்படி விலக்கினால் ஈடான ஓய்வு தரவேண்டும்.

இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு ஓர் இரவை முழுசாக விட்டால் போதும். ஞாயிறு காலை 7க்கு முடித்து திங்கள் மாலை 7க்கு வந்தால் 36 மணி நேரம். அதுதான் ஆஃப்.

செலவுக்குப் பயந்து யாரும் நான்கு பேர் வைக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஒரு ரிலீவர் வாரத்தில் ஆறு ஷிஃப்ட் பார்த்தால், இரண்டு பேர் இருக்கும் மூன்று கேட்டுகளில் ஆளுக்கு ஓர் ஆஃப் கொடுக்க முடியும். அதாவது உங்கள் கேட்டுக்கு ரிலீவரின் மூன்றில் ஒரு பங்குச் சம்பளம். அப்போதும் காவலர் வாரம் 72 மணி நேரம் பார்க்கிறார், அது அதிகம்தான், அந்த 24 மணி நேர ஓ.டி.யைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் வார ஓய்வாவது கிடைக்கும். ஒப்பந்தத்தில் 'ரிலீவர்' என்று தனி வரி போட்டு, அந்த வரிக்குப் பணம் கொடுத்து, மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் ரிலீவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீண்ட ஷிஃப்டை எப்படிக் குறைப்பது என்பதற்கு ஓர் உதாரணம்: சிங்கப்பூரில் செக்யூரிட்டி நிறுவனங்களுக்கு ஓ.டி. உச்சவரம்பில் இருந்து கிடைத்துவந்த விலக்கை 2021 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். மற்ற வேலைகளைப் போல மாதம் 72 மணி நேரம்தான் ஓ.டி. இரவுகேட்டின் 108ஐ அதோடு வைத்துப் பாருங்கள், ஓய்வு நாளைச் சேர்க்காமலேயே.

கள_அதிகாரி (புதன், மாலை 4.00)

ரிலீவர் வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. சில ஏஜென்சிகள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதே ஆளையே நிற்க வைத்து 'கூடுதல் டூட்டி' என்று ஒற்றைச் சம்பளம் கொடுக்கின்றன. இரவுகேட் சீட்டில் இருக்கும் அந்த 4 எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நான் வேலையில் இருந்தபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் சொல்வேன். விலை குறைவாகக் கேட்கும் ஏஜென்சிக்குத்தான் ஒப்பந்தம் போகிறது. ரிலீவர் சேர்த்து விலை போட்டவர் தோற்றுப்போவார். வாடிக்கையாளரையும் பொறுப்பாக்காமல் இது தீராது.

சட்டவாசகி (புதன், மாலை 6.10)

அதில் எனக்கும் தெளிவில்லை, நாடுகளும் ஒரே மாதிரி முடிவு செய்யவில்லை. ஒப்பந்ததாரர் கூலியைக் கொடுக்காவிட்டால் வேலை வாங்கியவர் கொடுக்கவேண்டும் என்பது இந்தியாவில் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய சட்டத்தில் நெடுநாளாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் குடியிருப்புச் சங்கம் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

கேட்டுக்காரன்2 (புதன், இரவு 11.20)

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் 7க்கு டூட்டி என்றால் 6.45க்கு வரவேண்டும். சாவிக் கொத்து எண்ண, ரெஜிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட. அந்தக் கால் மணி நேரம் எந்தச் சீட்டிலும் இல்லை. 31 நாளில் 7 மணி 45 நிமிடம் ஆகிறது, இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் அடுத்த ஆள் வராவிட்டால் கேட்டை விட்டுப் போகவும் முடியாது.

இரவுகேட் (வியாழன், காலை 9.00)

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்சியிடம் பேசப்போகிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்?

பதிவேடு_மணி (வியாழன், காலை 11.35)

கேட் ரெஜிஸ்டரையோ பஞ்ச் பதிவையோ படம் எடுக்காதீர்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள். அது வாடிக்கையாளரின் ஆவணம். அதை வைத்தே உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்த நோட்டில் தினமும் எழுதுங்கள். வந்த நேரம், 1 முதல் 2க்குள் வந்த வண்டி எத்தனை மணிக்கு, ரோந்து எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது, விடுவித்தவர் எப்போது வந்தார். ஒரு மாதத்தை உட்கார்ந்து ஒரே நாளில் எழுதினால் மை நிறமே காட்டிக்கொடுக்கும், அன்றன்று எழுதுங்கள். கோரிக்கை விசாரணைக்குப் போனால் அவர்கள் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் நோட்டில் 1.12 என்று இருந்து, அவர்கள் ரெஜிஸ்டரிலும் அதே வண்டி 1.12 என்று இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

முதல் கடிதத்தில் 199 மணி நேரத்தையும் கேட்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும்: மணி நேரச் சம்பளத்தை எதால் வகுத்தீர்கள், 1.30 ரோந்து இருக்கும்போது சாப்பாட்டு நேரத்தைக் கழித்தது எப்படி, ஒப்பந்தத்தில் ரிலீவர் இருக்கிறாரா. பகல் ஆளும் கையெழுத்துப் போட்டால் நல்லது. ஒருவர் பெயரை மட்டும் தனியாக எடுப்பது அப்போது கஷ்டம். பழைய பாக்கிக்குக் காலக்கெடு உண்டு, அதனால் பேச்சுவார்த்தை என்று மாதக்கணக்கில் இழுக்க விடவேண்டாம்.

இரவுகேட் (மூன்று வாரம் கழித்து, திங்கள், மாலை 5.15)

தாமதத்துக்கு மன்னிக்கவும். பகல் ஆளும் கையெழுத்துப் போட்டார். பதில் வந்தது.

1.30 ரோந்தை 2.15க்கு மாற்றிவிட்டார்கள். கேட்டில் தொங்கவிட ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள், '1 முதல் 2 வரை காவலர் ஓய்வு, அவசரத்துக்கு இந்த எண்ணில் அழைக்கவும்' என்று. வாக்கி டாக்கியை அந்த நேரம் கண்ட்ரோல் ரூமில் கொடுத்துவிடலாம். முதல் இரண்டு இரவும் லாரிக்காரர்கள் பலகையைப் பார்த்தும் ஹார்ன் அடித்தார்கள், மூன்றாம் இரவில் இருந்து குறைந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரே உட்காரலில் சாப்பிட்டேன். பழைய பாக்கி பற்றி 'பரிசீலிக்கிறோம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எதால் வகுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

ரிலீவர் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். நேற்று ஞாயிறு காலை 7க்குக் கேட்டை விட்டேன், இன்று மாலை 7க்குத்தான் போகவேண்டும். நேற்று இரவு வந்த ரிலீவர் பற்றிப் பகல் ஆள் போனில் சொன்னார். அவர் வேறு இடத்தில் பகல் டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார். காலையில் இங்கிருந்து மறுபடி அங்கே போய்விட்டாராம்.

பதிவேடு_மணி (திங்கள், மாலை 6.05)

இன்று கேட்டுக்குப் போனதும் நேற்று இரவு யார் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், அவருடையதா, உங்களுடையதா. உங்கள் பெயர் இருந்தால் இன்றே எழுத்தில் மறுத்துவிடுங்கள். அப்புறம், முடிந்தால் அந்த ரிலீவரிடமும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பகல், இரவு, பகல் என்றால் அவருக்குத் தொடர்ந்து 36 மணி நேரம் ஆகிறது.